சார்ட்டிங் அல்காரிதத்துக்கு நேரம் அளக்கும்போது நேரும் தவறுகள்

இன்செர்ஷன் சார்ட்டை எழுதி, 1000, 2000, 4000, 8000 எண்கள் கொண்ட பட்டியல்களைக் கொடுத்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து ஒரு வரைபடம் போட வேண்டும். கம்ப்யூட்டர் லேபில் எல்லோரும் செய்யும் பயிற்சிதான். நிரல் சரியாக ஓடும், வரைபடமும் வளைந்து அழகாக வரும். ஆனாலும் அட்டவணையில் இருக்கும் எண்கள் பல நேரம் வேறெதையோ அளந்தவையாக இருக்கும். இத்தகைய அறிக்கைகளைத் திருத்தும்போது நான் அடிக்கடி பார்ப்பது கீழே இருக்கும் துண்டு. ஒரு முறை ஓட்டினால் நம்ப முடியாது, பத்து முறை ஓட்டி சராசரி எடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுதியது:

```python
a = [random.random() for _ in range(n)]
t0 = time.time()
for _ in range(10):
    insertion_sort(a)
print((time.time() - t0) / 10)
```

இன்செர்ஷன் சார்ட் பட்டியலை அதே இடத்திலேயே வரிசைப்படுத்துகிறது. முதல் சுற்று முடிந்ததும் `a` வரிசையாகிவிட்டது. மீதி ஒன்பது சுற்றுகளும் ஏற்கெனவே வரிசையாக இருக்கும் பட்டியலைத்தான் வாங்குகின்றன. அங்கே அதற்கு வேலையே இல்லை: n−1 ஒப்பீடுகள் செய்துவிட்டு வெளியே வந்துவிடும். கலைந்து கிடக்கும் பட்டியலுக்கோ சராசரியாக n²/4 நகர்த்தல்கள் தேவை. n = 4000 என்றால் ஒன்று 40 லட்சம், இன்னொன்று 3999.

ஒரு கணினியில் முதல் சுற்றுக்கு 320 மில்லி வினாடி ஆகிறது, அடுத்த ஒவ்வொன்றுக்கும் அரை மில்லி வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தின் சராசரி சுமார் 32 மில்லி வினாடி. உண்மையில் பத்தில் ஒரு பங்கு. இந்தத் தவறு கண்ணில் படாமல் தப்புவதற்குக் காரணம், எல்லா n-க்கும் அதே பத்தில் ஒரு பங்குதான் வருகிறது என்பது. n இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகிறது, வரைபடம் n² போலவே வளைகிறது, மாணவரும் ‘கோட்பாட்டோடு பொருந்துகிறது’ என்று எழுதிவிடுகிறார். இதே நிரலில் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியே அளந்து, சராசரிக்குப் பதிலாக இடைநிலை அளவை எடுத்தவருக்குக் கிடைப்பது நேர்கோடு. அவர் இன்செர்ஷன் சார்ட் n வேகத்தில் ஓடுகிறது என்று எழுத நேர்கிறது. பிழை ஒன்றுதான், முடிவுகள் இரண்டு.

கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் அச்சிட்டுப் பாருங்கள், 320, 0.5, 0.5, 0.5 என்று வந்தால் விஷயம் வெட்டவெளிச்சம். இல்லையென்றால் ஒரு வகுத்தல் போடுங்கள். 320 மில்லி வினாடியை 40 லட்சத்தால் வகுத்தால் ஒரு நகர்த்தலுக்கு 80 நானோ வினாடி. பைத்தானில் ஒரு ஒப்பீடும் ஒரு நகர்த்தலும் செய்ய அவ்வளவு ஆகும் என்பது நம்பக்கூடியது. 32-ஐ வகுத்தால் 8 நானோ வினாடி வருகிறது. பல உள்கட்டளைகளைக் கடந்து ஓடும் பைத்தான் சுழற்சிக்கு அது மிகக் குறைவு. இந்த ஒரு வகுத்தலை அட்டவணையில் தனி நெடுவரிசையாகவே போடச் சொல்வேன்.

திருத்தம் எளிது. ஒவ்வொரு சுற்றுக்கும் புது நகல் வேண்டும், அந்த நகலெடுப்பு கடிகாரத்துக்கு வெளியே நடக்க வேண்டும்:

```python
def measure(data, repeats=5):
    times = []
    for _ in range(repeats):
        b = data[:]
        t0 = time.perf_counter()
        insertion_sort(b)
        times.append(time.perf_counter() - t0)
    return times
```

`timeit` பயன்படுத்துபவர்களும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். அதில் `setup` என்று கொடுப்பது ஒவ்வொரு சுற்றுக்கும் ஓடுவதில்லை. `number` தடவைகளுக்கும் சேர்த்து ஒரே முறைதான் ஓடும். நகலெடுப்பை `setup`-இல் வைத்தால் `number=1` என்று கொடுத்து, `timeit.repeat` மூலம் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும்.

மேலே `time.time()` போய் `perf_counter()` வந்திருப்பதையும் கவனித்திருப்பீர்கள். விண்டோஸில் பைத்தான் 3.13-க்கு முந்தைய பதிப்புகளில் `time.time()` சுமார் 15.6 மில்லி வினாடிக்கு ஒரு முறைதான் நகரும், அதாவது நொடியில் 64-இல் ஒரு பங்கு. சிறிய n-க்கு அட்டவணையில் 0, 0.0156, 0.0312 என்ற எண்கள் மட்டுமே மாறி மாறி வந்தால் அது அல்காரிதத்தின் நேரம் அல்ல, கடிகாரத்தின் துடிப்பு. அந்தக் கடிகாரத்தை இயங்குதளம் இணைய நேரத்தோடு சரிசெய்துகொள்ளும்போது நேரம் பின்னோக்கிப் போகவும் கூடும். இடைவெளி அளப்பதற்கென்றே இருப்பது `perf_counter()`.

இரைச்சல் ஒரு பக்கம்தான் தள்ளும்

அடுத்தது, சராசரி. இயற்பியல் லேபில் ஸ்க்ரூ கேஜ் வைத்து அளக்கும்போது பிழை கூடவும் குறையவும் செய்யும், அதனால் சராசரி எடுத்தால் ஒன்றையொன்று ஈடுகட்டும். கணினியில் நேரம் அளக்கும்போது அப்படியில்லை. நாற்பது லட்சம் நகர்த்தல்களைச் செய்ய செயலிக்கு ஒரு குறைந்தபட்ச நேரம் தேவை. அதற்குக் கீழே போக முடியாது. நடுவில் இயங்குதளம் வேறொரு நிரலுக்கு இடம் கொடுத்தாலோ, ஆன்டிவைரஸ் விழித்துக்கொண்டாலோ நேரம் கூடத்தான் செய்யும். இரைச்சல் எப்போதும் மேல்நோக்கியே வரும், ஆகவே சராசரியையும் மேலே இழுக்கும்.

n = 2000-க்கு ஐந்து சுற்றுகளில் 80, 79, 81, 131, 80 மில்லி வினாடி வந்தது என்று வையுங்கள். சராசரி 90.2, இடைநிலை அளவு 80. இப்போது பக்கத்து அளவுகளையும் சேர்த்துப் பாருங்கள். n = 1000-க்கு 20, n = 4000-க்கு 321. இடைநிலையை வைத்தால் இரட்டிப்பு விகிதங்கள் 4.0, 4.0 என்று வருகின்றன. சராசரியை வைத்தால் 4.5, பிறகு 3.6. ஒரு விகிதம் ஏறி அடுத்தது அதே அளவுக்கு இறங்கினால், நடுவில் இருக்கும் அந்த ஒரு புள்ளி கெட்டிருக்கிறது என்று பொருள். அல்காரிதம் மாறியிருந்தால் விகிதம் இப்படித் திரும்பி வராது.

அந்த 131-ஐ அழித்துவிடலாமா என்று கேட்பார்கள். அழிக்க வேண்டாம். ஐந்து புள்ளிகளையும் வரைபடத்தில் சிறு புள்ளிகளாகப் போட்டு, இடைநிலை வழியாகக் கோடு இழுங்கள். படிப்பவருக்கு இரைச்சல் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரியட்டும். சராசரிக்கு மேலும் கீழும் சமமாகத் திட்ட விலக்கத்தைப் போட்டால், நேரம் 70-க்குக் கீழேயும் போகலாம் என்று அந்தப் படம் சொல்லும். அப்படி ஒரு அளவீடு வரவே இல்லையே.

எல்லா வேறுபாடும் இரைச்சல் அல்ல

இதுதான் மிகக் குறைவானவர்கள் பிரித்துப் பார்க்கும் இடம், எனக்கு மிகவும் பிடித்த இடமும்கூட. ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய ரேண்டம் பட்டியல் கொடுத்தால் நேரம் வேறுபடுவதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்துவிடுகின்றன. ஒன்று கணினி, இன்னொன்று பட்டியல். இன்செர்ஷன் சார்ட் செய்யும் நகர்த்தல்களின் எண்ணிக்கை, பட்டியலில் பெரிய எண் முன்னும் சிறிய எண் பின்னுமாக இடம் மாறி நிற்கும் ஜோடிகளின் எண்ணிக்கைக்குச் சமம். சில ரேண்டம் பட்டியல்களில் அத்தகைய ஜோடிகள் குறைவாக இருக்கும், சிலவற்றில் அதிகம். கணக்குப் போட்டால் இந்த எண்ணிக்கையின் திட்ட விலக்கம் சராசரியில் ஏறத்தாழ 2/(3√n) பங்கு. n = 100-க்கு அது 7 சதவீதம், 1000-க்கு 2 சதவீதம், 4000-க்கு 1 சதவீதம்.

அதாவது n = 100-இல் வரும் 7 சதவீத ஆட்டத்துக்கு ஆன்டிவைரஸைக் குறை சொல்வது தவறு. அது அல்காரிதத்தின் குணம், அறிக்கையில் சொல்ல வேண்டிய முடிவு. பிரிப்பது எப்படி? ஒரே பட்டியலின் நகல்களை ஐந்து முறை ஓட்டினால் கிடைக்கும் வேறுபாடு கணினியுடையது. அதில் குறைந்தபட்சத்தையோ இடைநிலையையோ எடுங்கள். பிறகு பத்து வேறு பட்டியல்களுக்கு அதையே செய்து, வரும் பத்து எண்களுக்குச் சராசரி எடுங்கள். வேறு வேறு பட்டியல்களுக்கு நடுவே குறைந்தபட்சம் எடுத்தால், அதிர்ஷ்டவசமாகக் கொஞ்சம் வரிசையாக வந்த பட்டியலைத் தேர்ந்தெடுத்துவிடுவீர்கள்.

நகர்த்தல்களை எண்ணும் ஒரு மாறியை நிரலில் சேர்த்துத் தனியாக ஒரு முறை ஓட்டினால் இன்னும் நல்லது. எண்ணிக்கையில் இரைச்சலே கிடையாது. நேரம் ஆடுகிறது, எண்ணிக்கையும் கூடவே ஆடுகிறது என்றால் காரணம் பட்டியல். எண்ணிக்கை அசையாமல் நேரம் மட்டும் ஆடினால் காரணம் கணினி. அந்த மாறியை மட்டும் நேரம் அளக்கும் நிரலில் விட்டுவைக்காதீர்கள். அதுவே நேரத்தைத் தின்னும்.

வரைபடமும் வரிசையும்

பெரும்பாலோர் எக்ஸெலில் புள்ளிகளைப் போட்டு, இருபடிக் கோடு பொருத்தி, R² = 0.999 என்று எழுதி, ஆகவே n² என்று முடிக்கிறார்கள். மெர்ஜ் சார்ட்டின் n log n நேரங்களுக்கும் இருபடிக் கோட்டைப் பொருத்திப் பாருங்கள். R² அதே அளவுக்கு உயர்ந்து நிற்கும். இந்த எல்லைக்குள் இரண்டையும் அது பிரித்துக் காட்டாது. இரண்டு அச்சுகளையும் மடக்கை அளவுகோலாக்கினால் பிரியும்: இன்செர்ஷன் சார்ட்டுக்குச் சாய்வு 2, மெர்ஜ் சார்ட்டுக்கு ஏறத்தாழ 1.1. n-ஐ 1000, 2000, 3000 என்று கூட்டாமல் இரட்டித்துக்கொண்டே போகச் சொல்வதும் இதனால்தான். புள்ளிகள் அந்த அச்சில் சம இடைவெளியில் விழும்.

அளக்கும் வரிசையும் ஏமாற்றும். சிறிய n-இல் தொடங்கிப் பெரியதில் முடித்தால், பெரிய n எல்லாம் லேப்டாப் சூடான பிறகு அளக்கப்படுகின்றன. சூடேறினால் செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது கடைசிப் புள்ளி மேலே ஏறி, சாய்வு 2.1 என்று வரும். எத்தனை முறை ஓட்டினாலும் இது சராசரியில் கரையாது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அதே பக்கம்தான் தள்ளுகிறது. எல்லா (n, பட்டியல்) ஜோடிகளையும் ஒரே பட்டியலில் போட்டு `random.shuffle` செய்து ஓட்டினால் சூடு எல்லா n-க்கும் பரவலாகப் போய்ச் சேரும். சார்ஜரைச் செருகி வைத்து அளப்பதும் தேவை.

இத்தனைக்கும் பிறகு, விவாதப் பகுதியில் ‘பின்னணி நிரல்களால் சிறு பிழைகள் ஏற்பட்டிருக்கலாம்’ என்ற ஒற்றை வாக்கியம் மட்டும் இருந்தால் மனம் கஷ்டப்படுகிறது. எந்த அறிக்கையிலும் ஒட்டக்கூடிய வாக்கியம் அது. உங்கள் எண்களை வைத்து இப்படி எழுதலாம்: “n = 2000-இல் ஐந்தில் ஒரு சுற்று 131 மில்லி வினாடி எடுத்தது, மற்றவை 79 முதல் 81. பட்டியல் ஒன்றே, நகர்த்தல் எண்ணிக்கையும் ஒன்றே. ஆகவே இது கணினியால் வந்தது. இடைநிலை அளவைப் பயன்படுத்தினோம். வேறு வேறு பட்டியல்களுக்கு இடையே சுமார் ஒன்றரை சதவீத வேறுபாடு உள்ளது, அது எதிர்பார்த்ததே.” இதில் 0.0803471920 போன்ற பத்து இலக்கங்கள் இல்லை என்பதையும் பாருங்கள். இரண்டாம் இலக்கத்திலேயே ஆடும் அளவீட்டுக்கு 80 மில்லி வினாடி என்பதே போதும்.