தரகுக் கூலிக்கு 60 வருட ஆயுள் கிடையாது

போன வாரம் ஒரு புதுப் பையனின் சொத்துப் பதிவேட்டைப் பார்த்தேன். பத்து வருடம் முன்பு நான் செய்த அதே தப்பு, வரி பிசகாமல் இருந்தது. கட்டடத்தை இயக்கக் குத்தகைக்கு விடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இண்ட் ஏஎஸ் 116 என்ற குத்தகைக் கணக்குத் தரநிலையைப் பின்பற்றும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும்.

தரகுக் கூலியைக் கட்டடத்தோடு கரைப்பது

ஒரு கிடங்கை 5 வருடக் குத்தகைக்கு விடுகிறோம். ஒப்பந்தம் கையெழுத்தானதும் தரகருக்கு 3 லட்சம் கொடுக்கிறோம். குத்தகை அமையாவிட்டால் இந்தச் செலவே வந்திருக்காது. அதனால் இது தொடக்க நேரடிச் செலவு. கட்டடத்தின் புத்தக மதிப்போடு சேர்க்க வேண்டும். இதுவரை எல்லோரும் சரியாகவே செய்கிறார்கள்.

சேர்த்த பிறகுதான் வழுக்கல். கட்டடத்தின் ஆயுள் 60 வருடம் என்பதால், மென்பொருள் இந்த 3 லட்சத்தையும் 60 வருடத்துக்குப் பிரித்துவிடுகிறது. வருடத்துக்கு வெறும் 5,000! தரநிலை சொல்வது வேறு: வாடகை வருமானத்தைக் காட்டும் அதே முறையில், குத்தகைக் காலத்துக்குள் செலவெழுத வேண்டும். அதாவது வருடத்துக்கு 60,000. கட்டடத்தின் தேய்மானம் வழக்கம்போல அதன் ஆயுளுக்கு ஓடும்.

நான் செய்தபோது வருடத்துக்கு 55,000 லாபம் கூடுதலாகத் தெரிந்தது, யாரும் கேட்கவில்லை. ஐந்தாம் வருடம் குத்தகைதாரர் காலி செய்தார். அவரைக் கொண்டுவந்த தரகுக் கூலியில் 2,75,000 இன்னும் கட்டடத்துக்குள்ளேயே கிடந்தது. "தரகர் எந்தச் சுவரில் செங்கல் வைத்தார்?" என்று கேட்டார் தணிக்கையாளர். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான்.

பதிவேட்டில் கட்டடத்துக்குக் கீழே தனி வரி போட்டு, ஆயுளை 60 மாதம் என்று கொடுங்கள். குத்தகை முடியும் நாளில் அந்த வரி பூஜ்யமாக வேண்டும். ஆகாவிட்டால் எங்கோ பிசகியிருக்கிறது.

பில் தொகையையே வருமானமாக எழுதுவது

அதே கிடங்கின் வாடகை வருடா வருடம் ஏறுகிறது: 10, 11, 12, 13, 14 லட்சம். மொத்தம் 60. இதை ஐந்து வருடத்துக்கும் சமமாகப் பிரித்து எழுத வேண்டும், எனவே ஒவ்வொரு வருடமும் வருமானம் 12 லட்சம். முதல் வருடம் பில் 10 லட்சம்தான்; மீதி 2 லட்சம் வர வேண்டிய வாடகையாகச் சொத்துப் பக்கம் நிற்கும். இரண்டாம் வருடம் இன்னொரு லட்சம் சேர்ந்து 3 ஆகும். கடைசி இரண்டு வருடங்களில் அது கரைந்து பூஜ்யமாகும்.

"ஏற்றம் விலைவாசிக்கு ஏற்றதுதானே, சமன் செய்ய வேண்டாமே" என்று சிலர் இன்னும் வாதாடுகிறார்கள். அந்தச் சலுகை பழைய இண்ட் ஏஎஸ் 17-இல் இருந்தது. 2019 ஏப்ரலோடு போய்விட்டது.

நம் ஊழியர் சம்பளம்

இதைத் தொடக்க நேரடிச் செலவில் சேர்க்காதீர்கள். குத்தகை அமைந்தாலும் அமையாவிட்டாலும் கொடுக்கத்தான் போகிறோம்.

ஜிஎஸ்டி

பில் தொகைக்குத்தான். 12 லட்சத்துக்கு அல்ல.