பல்பு வாங்கும் முன் பத்து ரூபாய் நாணயத்தோடு ஒரு படம்

தஞ்சாவூரில் இருக்கும் சித்தி, சுவர் விளக்கில் எரிந்துபோன பல்பைப் படம் எடுத்து அனுப்பி, "இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வா"ன்னு சொன்னார். படத்தில் மரை தெரிந்தது. மரை பல்பு என்று ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே போய்ப் பார்த்தால் ஹோல்டரின் வாய் பாதி அளவுதான். கையில் இருந்தது E27 என்ற பெரிய அளவு, வேண்டியது E14 என்ற சிறிய அளவு. படத்தில் பல்பு மட்டும் இருந்ததால் அளவு தெரியவே இல்லை.

படம் எடுக்கும் முறை

சுவிட்சை அணைத்து, பல்பு ஆறியதும் கழற்றி மேசையில் படுக்க வையுங்கள். உலோகப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். போனை நேர் மேலே, இரண்டு அடி உயரத்தில் பிடித்து, கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். கிட்டே வைத்து எடுத்தால் போனுக்கு அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும், அளவு தப்பும். அப்புறம் பல்பின் அடிப்பாகத்தை மட்டும் நேராக ஒரு படம்.

முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள்

அடியில் இரண்டு ஈயப் புள்ளிகளும், பக்கவாட்டில் எதிரெதிராக இரண்டு சிறு குமிழ்களும் இருந்தால் அது பின் பல்பு. நம் வீடுகளில் அழுத்தித் திருப்பி மாட்டும் சாதாரண பல்பு பெரும்பாலும் இதுதான். பெட்டியில் B22 என்று இருக்கும். அடியில் நடுவே ஒரே புள்ளி, சுற்றிலும் மரை என்றால் E வகை. எழுத்துக்குப் பின்னால் வரும் எண், உலோகப் பகுதியின் விட்டம், மில்லிமீட்டரில்.

மரை இருந்தால் E27-ஆ E14-ஆ என்று நாணயம் சொல்லிவிடும். E27-இன் அகலமும் நாணயத்தின் அகலமும் ஏறக்குறைய ஒன்று. சந்தேகமாக இருந்தால் போன் திரையிலேயே ஸ்கேலை வைத்து அளக்கலாம். சித்தியிடம் மறுபடி படம் கேட்டு அப்படித்தான் பார்த்தேன். திரையில் நாணயம் 40 மில்லிமீட்டர், மரை 21.

```
27 × 21 ÷ 40 = 14.2
```

ஆக E14. மெழுகுவர்த்தி வடிவ பல்புகளில் இது சகஜம். ஆனால் அதே வடிவம் B22-லும் கிடைக்கிறது. கண்ணாடியின் வடிவத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பல்பு உடைந்தோ தொலைந்தோ போயிருந்தால் ஹோல்டரின் உட்புறத்தைப் படம் எடுக்கலாம், மெயின் சுவிட்சை அணைத்த பிறகு. உள்ளே இரண்டு ஸ்பிரிங் முனைகள் தெரிந்தால் B22. உள்சுவரில் மரை தெரிந்தால் E வகை.

டியூப் லைட்டில் இன்னும் கொஞ்சம் கவனம்

இங்கே மாட்டும் முனையைவிட ஃபிட்டிங்தான் குழப்பும். முதல் கேள்வி, டியூப் தனியாகக் கழலுமா? இரு முனைகளிலும் ஹோல்டர் தெரியாமல், வெள்ளை மூடியும் உடலும் ஒன்றாகவே இருந்தால் அது எல்இடி பேட்டன். அதற்கு டியூப் மட்டும் வாங்க முடியாது, முழுதாக மாற்ற வேண்டும்.

கழலும் டியூப் என்றால், அதன் முனையை நாணயத்தோடு படம் எடுங்கள். டியூப்பின் தடிமனும் நாணயத்தின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அது T8, 26 மில்லிமீட்டர். இரண்டு ஊசிகளுக்கும் இடைவெளி 13, பெட்டியில் G13. பழைய தடித்த டியூப்பிலும் (T12, 38 மில்லிமீட்டர்) இதே இடைவெளிதான் என்பதால் அந்த ஹோல்டரில் T8 உட்காரும். விரல் தடிமனில் ஒல்லியாக, 16 மில்லிமீட்டரில் இருப்பது T5. ஊசி இடைவெளி 5. இது G13 ஹோல்டரில் நிற்காது. நீளமும் வேறு: நாலடி T8 சுமார் 1200 மில்லிமீட்டர், 28 வாட் T5 சுமார் 1150.

அடுத்து முழு ஃபிட்டிங்கையும் ஒரு படம். பக்கத்தில் சிறு உருளையாக ஸ்டார்ட்டர் தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே பழைய சோக் இருக்கிறது. பழைய வகை டியூப்பையே மாட்டுவதானால் சிக்கலில்லை. டியூப் எரியாமல் மினுக்கிக்கொண்டே இருந்தால், முதலில் ஸ்டார்ட்டரை மாற்றிப் பாருங்கள். அது விலை குறைவு. டியூப்பின் முனைகள் நன்றாகக் கறுத்திருந்தால் டியூப்பே போய்விட்டது.

அதே ஃபிட்டிங்கில் எல்இடி டியூப் போட நினைத்தால் பெட்டியில் உள்ள வயரிங் படத்தைக் கடையிலேயே பாருங்கள். சில டியூப்புக்கு மின்சாரம் ஒரே முனையின் இரண்டு ஊசிகளுக்கும் வர வேண்டும், சிலவற்றுக்கு முனைக்கு ஒன்றாக. ஊசி அளவு ஒன்றுதான் என்பதால் எதுவும் ஹோல்டரில் உட்கார்ந்துவிடும்; வயரிங் பொருந்தாவிட்டால் எரியாது, சில நேரம் ஷார்ட் ஆகும். சோக்கை விலக்கி வயரை மாற்றுவது எலக்ட்ரீஷியன் வேலை. அவருக்கும் இந்த ஃபிட்டிங் படத்தையே அனுப்பினால், என்ன கொண்டுவர வேண்டும் என்று தெரிந்து வருவார்.