மிக நீண்ட ஏறும் துணைத்தொடர்களை எண்ணும்போது கணக்கு எங்கே தப்புகிறது

மிக நீண்ட ஏறும் துணைத்தொடரின் நீளத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுபவர்கள்கூட, அந்த நீளத்தில் மொத்தம் எத்தனை தொடர்கள் என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். முறை என்னவோ எளிதுதான். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண்களை வைத்துக்கொள்கிறோம்: அங்கே முடிகிற மிக நீண்ட தொடரின் நீளம் `L[i]`, அந்த நீளத்தில் அங்கே முடிகிற தொடர்களின் எண்ணிக்கை `C[i]`. இரண்டுமே 1-இல் தொடங்கும்.

```python
for i in range(n):
    for j in range(i):
        if a[j] < a[i]:
            if L[j] + 1 > L[i]:
                L[i] = L[j] + 1
                C[i] = C[j]
            elif L[j] + 1 == L[i]:
                C[i] += C[j]
best = max(L)
ans = sum(c for l, c in zip(L, C) if l == best)
```

அதிகம் பேர் செய்கிற தவறு, கடைசி `C[i] += C[j]` இருக்க வேண்டிய இடத்தில் `C[i] += 1` என்று எழுதுவது. இன்னொரு வழி கிடைத்தது, அதனால் ஒன்றைக் கூட்டுகிறோம் என்று மனம் நினைக்கிறது. ஆனால் j-இல் ஏற்கெனவே நான்கு தொடர்கள் முடிகின்றன என்றால், அந்த நான்குமே i வரை நீள்கின்றன, எனவே நான்கையும் கூட்டத்தான் வேண்டும்.

இந்தத் தவறு சீக்கிரம் கண்ணில் படாது. LeetCode-இல் 673-ஆம் கணக்கின் மாதிரி உள்ளீடு 1 3 5 4 7, விடை 2. தவறான நிரலும் அதற்கு 2 என்றே சொல்லும், ஏனென்றால் அங்கே கூட்டப்படுகிற `C[j]`-யின் மதிப்பே 1. சோதிக்க வேண்டுமென்றால் 2 1 4 3 6 5 கொடுத்துப் பாருங்கள். நீளம் 3, முதல் ஜோடியில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று என்று எடுப்பதால் மொத்தம் 8 தொடர்கள்.

கையால் போட்டால், 2-க்கும் 1-க்கும் நீளம் 1, எண்ணிக்கை 1. 4-க்கு நீளம் 2, எண்ணிக்கை 2, 3-க்கும் அதேதான். 6-க்கு வரும்போது 2-உம் 1-உம் தந்த நீளம் 2-ஐ, 4 வந்து 3 ஆக்குகிறது, அப்போது பழைய எண்ணிக்கை தூக்கி எறியப்பட்டு 4-இன் எண்ணிக்கையான 2 வந்து உட்காருகிறது, அப்புறம் 3 தன் பங்குக்கு இன்னொரு 2 கொடுக்க, 4 ஆகிறது. 5-க்கும் 4. மொத்தம் 8. ஒன்றைக் கூட்டும் நிரல் 6-க்கும் 5-க்கும் தலா 3 மட்டும் தந்து 6 என்று விடை சொல்லும்.

அந்தத் தூக்கி எறிதலில்தான் அடுத்த தவறு. நீளம் கூடும்போது `C[i] = C[j]` என்று மாற்றி வைக்காமல் `+=` போட்டால், குட்டையான தொடர்களின் எண்ணிக்கையும் தொடக்கத்தில் வைத்த 1-உம் விடையில் ஒட்டிக்கொள்ளும். `elif` இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு `if` போட்டாலும் இதே கதிதான்: முதல் `if` நீளத்தைக் கூட்டி முடித்த மறுகணமே இரண்டாவது நிபந்தனையும் உண்மையாகிவிடும், அதே j இரண்டு முறை எண்ணப்படும். வேடிக்கை என்னவென்றால் மேலே உள்ள உள்ளீட்டில் இரண்டு தவறுகளும் 18 என்ற ஒரே விடையைத் தருகின்றன, ஆக விடையை மட்டும் பார்த்து எது தவறு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இவற்றைப் பிடிக்க 1 2 3 போதும்: விடை 1-ஆக இருக்க வேண்டும், இவை 4 என்று சொல்லும். ஆனால் ஒன்றைக் கூட்டும் தவறு இந்தச் சோதனையில் தப்பித்துவிடும், அதனால் இரண்டு உள்ளீடுகளையும் ஓட்டுங்கள்.

கடைசியில் கூட்டுவதையும் பலர் மறக்கிறார்கள். மிக நீண்ட தொடர் ஒரே இடத்தில் முடியும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நம் உள்ளீட்டில் 6-இலும் முடிகிறது, 5-இலும் முடிகிறது. `C[n-1]`-ஐ மட்டும் எடுத்தால் பாதிதான் கிடைக்கும்.

சம எண்கள் வந்தால்? 2 2 2 2 2-க்கு நீளம் 1, விடை 5, ஏனென்றால் இங்கே மதிப்புகளை அல்ல, இடங்களைத்தான் எண்ணுகிறோம். ஒரே மதிப்புகள் கொண்ட தொடர்களை ஒன்றாகக் கருத வேண்டுமென்றால் அது வேறு கணக்கு, இந்த நிரல் அதற்குப் பொருந்தாது. `<` இருக்கும் இடத்தில் `<=` போட்டால் இந்த உள்ளீட்டுக்கு 1 வரும், உடனே தெரிந்துவிடும்.

சி++-இல் எழுதுபவர்களுக்கு இன்னொன்று. ஜோடி ஜோடியாக இறங்கி ஏறுகிற இந்த அமைப்பில் ஒவ்வொரு ஜோடியும் விடையை இரட்டிப்பாக்குகிறது, 62 எண்களிலேயே விடை 2^31-ஐத் தொட்டு `int` நிரம்பி வழியும். LeetCode-இல் விடை 32 பிட்டுக்குள் அடங்கும் என்று உறுதி தந்திருக்கிறார்கள், வேறு இடங்களில் பெரும்பாலும் மாடுலோ கேட்பார்கள். அப்போது மாடுலோ `C`-க்கு மட்டும்தான், `L`-ஐத் தொடக்கூடாது. அதோடு, மாடுலோ போட்டபின் `C[i]` பூஜ்யமாகவும் வரலாம், அதைப் பார்த்து அங்கே தொடர் எதுவும் முடியவில்லை என்று நிரலில் எங்காவது முடிவெடுத்தால் விடை தப்பும்.