திணை, பால், வினையெச்சம்: ஆங்கிலத்தில் எந்தப் பெயர் பொருந்தும்?

வேறு மொழிக்காரர் ஒருவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது, பால் என்றால் ஜெண்டர், வினையெச்சம் என்றால் அட்வெர்ப் என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். இரண்டுமே பாதிதான் சரி என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, எது எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்று பார்க்கலாம்.

மழையில் நனைந்த மாடு கொட்டகைக்கு ஓடி வந்து நின்றது.

முதலில் முற்றைப் பிடியுங்கள்

முற்று என்பது வாக்கியத்தை முடித்துவைக்கும் வினை, பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் இருக்கும். இங்கே 'நின்றது'. இது வினைமுற்று, ஆங்கிலத்தில் ஃபைனைட் வெர்ப். இந்த ஜோடியில் பெரிய தகராறு கிடையாது. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிடைக்கப்போகிறது, அதனால் மற்ற சொற்களை அப்புறம் தொடலாம்.

அதன் விகுதியிலிருந்து திணையும் பாலும்

'நின்றது' என்பதில் கடைசியிலுள்ள 'து' என்ன சொல்கிறது? நின்றது மனிதர் இல்லை, ஒன்றே ஒன்று. முதல் சேதி திணை, இரண்டாவது பால்.

திணைக்கு அனிமேட், இன்அனிமேட் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறு. நாய்க்கு உயிர் இருக்கிறது, நாற்காலிக்கு இல்லை. ஆனாலும் நாயும் விழுந்தது, நாற்காலியும் விழுந்தது. நன்னூல் மக்கள், தேவர், நரகர் மூவரையும் உயர்திணையில் வைத்துவிட்டு, உயிர் உள்ளதோ இல்லாததோ மிச்சம் எல்லாவற்றையும் அஃறிணை என்கிறது. உயிரைவிடப் பகுத்தறிவுதான் இங்கே கணக்கு. 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்தாண்ட ரேஷனல், இர்ரேஷனல் என்ற பெயர்களே இன்றும் கிட்டத்தட்டப் பொருந்துகின்றன. குழந்தை மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும்: மனிதப் பிறவிதான், ஆனால் 'குழந்தை அழுதது' என்றுதானே சொல்கிறோம்.

பால் ஐந்து: ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால். இதைப் பார்த்ததுமே ஜெண்டர் என்ற பெயர் போதாது என்று தெரியவேண்டும், ஏனென்றால் ஒன்றா பலவா என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. நம் மாடு ஒன்றன்பால், அதாவது நியூட்டர் சிங்குலர். மாடுகள் 'நின்றன' என்றால் நியூட்டர் ப்ளூரல். பலர்பாலில் ஆண் பெண் வித்தியாசமே இல்லை. அப்புறம், 'அம்மா வந்தார்' என்பதில் வடிவம் பலர்பால், வந்தவர் ஒருவர். அதற்கு ஹானரிஃபிக் என்று தனியாகக் குறித்துவிடுங்கள்.

மிச்சம் இருக்கும் வினைகளைப் பிரியுங்கள்

நனைந்த, ஓடி, வந்து. மூன்றுமே முடியாத வினைகள், எதையோ எதிர்பார்த்து நிற்கின்றன. எதை என்று கேட்டால் போதும். 'நனைந்த' மாட்டைக் கேட்கிறது, மாடு பெயர், ஆகவே பெயரெச்சம். ஆங்கிலத்தில் ரிலேடிவ் பார்ட்டிசிபிள். 'ஓடி', 'வந்து' இரண்டும் வினையைக் கேட்கின்றன, ஆகவே வினையெச்சம். அடுத்து நிற்கும் சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள்: 'வந்து மாட்டைக் கட்டினான்' என்பதில் வந்துவுக்குப் பக்கத்தில் இருப்பது பெயர், அது போய்ச் சேர்வதோ 'கட்டினான்' என்ற வினையில்.

இந்த 'வந்து' வகைக்குப் பழைய புத்தகங்கள் வெர்பல் பார்ட்டிசிபிள் அல்லது அட்வெர்பியல் பார்ட்டிசிபிள் என்கின்றன, இன்றைய மொழியியலார் கான்வெர்ப் என்பார்கள். ஆனால் வினையெச்சம் முழுவதற்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடாதீர்கள். நன்னூல் வினையெச்சத்துக்கு 12 வாய்பாடு, அதாவது மாதிரி வடிவம், தருகிறது, 'வந்து' போன்றவை அடங்கும் 'செய்து' அதில் ஒன்றுதான். 'வரச் சொன்னான்' என்பதில் உள்ள 'வர'வும் வினையெச்சமே, ஆங்கிலத்தில் அது இன்ஃபினிட்டிவ். 'வந்தால் தருவேன்' என்பதில் 'வந்தால்' கண்டிஷனல். 'மெல்ல வந்தான்' என்பதிலுள்ள 'மெல்ல'கூட நம் இலக்கணத்தில் குறிப்பு வினையெச்சம். அங்கே மட்டும் நான் முதலில் எழுதிய அட்வெர்ப் சரிதான்! ஆக, எந்த வாய்பாடு என்று பார்த்துவிட்டுத்தான் ஆங்கிலப் பெயரைப் போடவேண்டும்.

சந்தேகம் வந்தால் ஒற்றைப் பாருங்கள்

'நனைந்த பூனை' என்பதில் நடுவே ப் என்ற ஒற்று வராது, பெயரெச்சம். 'ஓடிப் போனது', 'வரச் சொன்னது' என்பவற்றில் ஒற்று மிகுகிறது, வினையெச்சம். ஆனால் இதைத் தலைகீழாக நம்பவேண்டாம்: 'வந்து போனது' வினையெச்சம்தான், ஒற்று மிகவில்லை, ஏனென்றால் 'வந்து' மென்தொடர்க் குற்றியலுகரம், கடைசி 'து'வுக்கு முன்னால் இருப்பது மெல்லின ந். அதே 'செய்து' வாய்பாட்டில் 'படித்துப் பார்த்தான்' என்பதிலுள்ள 'படித்து' வன்தொடர், 'து'வுக்கு முன்னால் வல்லின த், அங்கே ப் வந்தே தீரும்.