ஆன்சாஃப் கட்டத்தில் நோட்டு மொத்த வியாபாரி சறுக்கும் இடங்கள்

நிர்வாகவியல் அறிஞர் இகோர் ஆன்சாஃப் 1957-இல் முன்வைத்த வளர்ச்சிக் கட்டம் இரண்டே கேள்விகள் கேட்கிறது: விற்பது பழைய பொருளா, புதியதா? வாங்குவது பழைய சந்தையா, புதியதா? இரண்டும் பழையதென்றால் ஊடுருவல், அதாவது அதே ஆளுக்கு அதே சரக்கைக் கூடுதலாக விற்பது. பழைய வாடிக்கையாளருக்குப் புதுச் சரக்கு கொடுத்தால் புதிய பொருள். இரண்டுமே புதிதென்றால் பன்முகமாதல். பழைய சரக்கோடு புது ஊருக்குப் போவது நான்காவது வழி. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒரு கற்பனைக் கணக்கு. கும்பகோணத்தில் இருந்து பாபநாசம், வலங்கைமான், குடவாசல் கடைகளுக்கு நோட்டும் பேனாவும் போடும் மொத்த வியாபாரியின் கையில் 8 லட்சம் ரூபாய் உபரி. மூன்று யோசனைகள்: அதே கடைகளில் நோட்டைக் கூட்டுவது, பள்ளிப் பை சேர்ப்பது, பேப்பர் கப் விற்பது.

பெரும்பாலோர் முதலில் தவறுவது கட்டத்தை நிரப்பும்போதே. கப்பும் காகிதம்தானே என்று அதைப் ‘புதிய பொருள்’ பக்கம் எழுதிவிடுவார்கள். கப் வாங்குவது கல்யாண மண்டபக்காரரும் சமையல் கான்ட்ராக்டரும். அவர்கள் எப்போது பணம் தருவார்கள் என்பது இவருக்குத் தெரியாது. அது பன்முகமாதல். வாங்கப்போகிறவர் பெயர் ஏற்கெனவே பாக்கி நோட்டில் இருக்கிறதா என்று பார்த்தாலே எந்தக் கட்டம் என்று தெரிந்துவிடும்.

அடுத்த தவறு, லாப சதவீதத்தை மட்டும் ஒப்பிடுவது. நோட்டில் 8 சதவீதம், பையில் 15, கப்பில் 20 என்றால் கப்தான் ஜெயிக்கும். ஆனால் பணம் வருடத்தில் எத்தனை முறை சுற்றுகிறது? நோட்டுச் சரக்கு 45 நாள் கிடங்கில், 45 நாள் கடனில் என்றால் நான்கு சுற்று: 8 லட்சத்துக்கு வருட லாபம் 2.56 லட்சம். பை இரண்டு சுற்றுதான்: 2.4 லட்சம். பள்ளி திறந்த பின் பை தேங்கினால் அதுவும் குறையும், முதலும் முடங்கும். கப்புக்கு ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே இல்லை. சுற்று எத்தனை என்றே தெரியாதபோது அந்த இடத்தை வெறுமையாக விடுவதுதான் நேர்மை.

இதை வைத்து ஊடுருவலே சிறந்தது என்று முடிவு கட்டுவதும் தவறு. கடைக்காரர் நோட்டில் பெரும்பகுதியை ஏற்கெனவே இவரிடமே வாங்கினால், கூடுதல் சரக்கு விற்பனையாகாது; அவர் அலமாரிக்கு இடம் மாறி, இவருக்கு வரவேண்டிய பாக்கியாக நிற்கும். அலமாரியில் வேறு மொத்தக்காரர் சரக்கு எவ்வளவு என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

பைக்கும் இதே பாக்கிதான் எல்லை. நோட்டும் பையும் ஒரே கடைக்காரரின் ஒரே கல்லாவிலிருந்து வரவேண்டிய பணம். ஜூனில் அவர் தடுமாறினால் இரண்டும் சேர்ந்து நிற்கும். ஆகவே 8 லட்சத்தில் 2 லட்சத்துக்கு மட்டும் பை எடுத்து, 45 நாளுக்குள் தவறாமல் தீர்க்கும் கடைகளுக்கு மட்டும், அவர்களின் மொத்தக் கடன் வரம்பை உயர்த்தாமல் கொடுத்துப் பார்க்கலாம்.