'நீங்கள் பார்த்துத் தாங்கோ': யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் வாகனம் பிடிக்கும் கணக்கு

வெளிநாட்டிலிருந்து போகிறவருக்கு யாழ்ப்பாணத்தில் மிகவும் செலவு வைக்கும் வாக்கியம் இதுதான். வாகனம் மச்சானுடைய கூட்டாளியின் வாகனம். "எவ்வளவு தம்பி?" என்று கேட்டால், "அதுக்கென்ன அண்ணை, நீங்கள் பார்த்துத் தாங்கோ" என்று பதில் வரும். நமக்கும் விலை பேச வெட்கம். பின்னேரம் வீட்டு வாசலில் இறங்கும்போது அவர் மனதில் ஒரு தொகை, நம் மனதில் இன்னொரு தொகை. மாமி நடுவில் வந்து "இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போனது, குறைக்காதேங்கோ" என்பார். நான் இரண்டு தடவை இப்படி மாட்டியிருக்கிறேன். அந்தத் தம்பி ஏமாற்றவில்லை. இரண்டு பேரும் கணக்கைப் பேசாமலே வண்டியில் ஏறிவிட்டோம், அவ்வளவுதான்.

கணக்கில் நான்கு பகுதிகள் உண்டு: ஓடிய தூரம், காத்திருந்த நேரம், சாரதியின் சாப்பாட்டுச் செலவுக்கான பட்டா, வழியில் கட்டும் கட்டணங்கள். கடைசியை முதலில் முடித்துவிடலாம். இலங்கையில் சுங்கக் கட்டணம் அதிவேகப் பாதைகளில் மட்டும்தான், வடக்கில் அதிவேகப் பாதை கிடையாது. ஏ9 வீதியிலோ, பூநகரி வழியாக மன்னார் போகும் ஏ32 வீதியிலோ, தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலத்திலோ யாரும் உங்களை மறித்துக் காசு கேட்கப் போவதில்லை. சென்னையில் இறங்கி, சுங்கச்சாவடிகளைக் கடந்து ஊர்சுற்றிவிட்டு வருகிறவர்கள் இங்கேயும் அதற்கென்று ஒரு தொகையை எடுத்து வைப்பார்கள். தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்குள் ஒரு நாள் ஓட்டத்துக்கு யாராவது 'டோல்' என்று தனியாகச் சேர்த்தால், எந்த இடத்தில் என்று கேளுங்கள். கட்டுநாயக்கவில் இறங்கி, கொழும்பில் ஆளைப் பார்த்துவிட்டு வடக்கே வருவதென்றால் அது வேறு கதை. அந்த அதிவேகப் பாதைக்குக் கட்டணம் உண்டு. வாகன வாடகைக்குள் அது அடங்குமா என்று அங்கே கேட்க வேண்டியதுதான்.

இங்கே உண்மையில் பையைக் கடிப்பது காத்திருப்பு. யாழ்ப்பாணத்தில் நாம் போகிற இடங்கள் கிட்ட, ஆனால் நேரம் நிறையப் போகும். நயினாதீவைப் பாருங்கள். நகரத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை ஏறத்தாழ 35 கிலோமீற்றர். வாகனம் அங்கே நின்றுவிடும், நாம் படகில் அக்கரை போவோம். கடலில் இருபது நிமிடம்கூட ஆகாது. ஆனால் படகுக்கு வரிசை, கோயிலில் பூசை, அன்னதானம், திரும்பி வர மறுபடியும் வரிசை. வெள்ளிக்கிழமை என்றால் கூட்டம். போயா நாளில் தெற்கிலிருந்து நாகவிகாரைக்கு வரும் பேருந்துகளும் சேர்ந்துவிடும், வரிசை நகரவே நகராது. இந்த நேரம் முழுவதும் வாகனம் ஒரு கிலோமீற்றர்கூட ஓடாது. அதற்காகச் சாரதிக்கு வேறு ஹயர் ஓடவும் முடியாது. அந்த நேரத்துக்குத்தான் அவர் காசு கேட்கிறார், நியாயம்தான்.

விலையைப் பெரும்பாலும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று நாள் வாடகை: இத்தனை மணித்தியாலம், இத்தனை கிலோமீற்றர் வரை ஒரே தொகை, தாண்டினால் மேலதிகம். மற்றது கிலோமீற்றர் விலை: ஓடிய தூரத்துக்கு ஒரு விலை, காத்திருப்புக்கு மணித்தியாலக் கணக்கில் இன்னொன்று. எது மலிவு என்பது போகிற இடத்தைப் பொறுத்தது.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். கொக்குவிலில் வீடு, ஏழு பேர், ஒரு வான். கீழே வரும் விலைகள் கணக்குக் காட்ட நான் வைத்தவை. உங்களுக்குச் சொல்லப்படும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

காலை 7 மணிக்குப் புறப்பட்டு, நல்லூரில் அரை மணித்தியாலம் நின்று, 9 மணிக்குக் குறிகட்டுவான். மத்தியானம் 1.45க்குத் திரும்ப வானில் ஏறுகிறார்கள். வேலணையில் ஒரு சொந்தக்கார வீட்டில் ஒன்றரை மணித்தியாலம். நகரத்தில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் என்று இன்னும் ஒரு மணித்தியாலம். மாலை 6.15க்கு வீடு. ஓடியது 90 கிலோமீற்றர், போனது 11¼ மணித்தியாலம். அதில் வான் சும்மா நின்றது மட்டும் 7¾ மணித்தியாலம்.

நாள் வாடகை 15,000 ரூபா, அதற்குள் 10 மணித்தியாலமும் 100 கிலோமீற்றரும் என்று வைப்போம். மேலதிக மணித்தியாலம் 500, மேலதிகக் கிலோமீற்றர் 100, பட்டா 1,500. தூரம் தாண்டவில்லை. நேரம் ஒன்றேகால் மணித்தியாலம் தாண்டியது, அதை இரண்டாகத்தான் எடுப்பார்கள். 15,000, 1,000, 1,500: மொத்தம் 17,500.

இதே பயணத்தைக் கிலோமீற்றருக்கு 130 ரூபாவுக்குப் பேசினால் ஓட்டத்துக்கு 11,700. காத்திருப்பில் முதல் மணித்தியாலம் இலவசம், மிச்சம் 6¾, அது ஏழாகும். மணித்தியாலம் 400 என்றால் 2,800. பட்டாவோடு 16,000. இது மலிவு போலத் தெரியும். ஆனால் காத்திருப்பு விலை 600 ஆனால் மொத்தம் 17,400, நாள் வாடகையோடு கிட்டத்தட்டச் சமன். போயா நாளில் படகு இரண்டு மணித்தியாலம் பிந்தினால் அதையும் தாண்டிவிடும். அதனால்தான் தீவுப் பக்கம் போவதென்றால் கிலோமீற்றர் விலையை விடக் காத்திருப்பு விலையைத்தான் நான் முதலில் கேட்பேன். பலர் அதைக் கேட்பதே இல்லை.

இன்னொரு கேள்வி இதைவிட முக்கியம்: கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது? மேலே சொன்னது உங்கள் வாசலிலிருந்து வாசலுக்கு. வான்காரர் சாவகச்சேரியில் இருக்கிறார் என்று வையுங்கள். கொக்குவிலுக்கு வர 20 கிலோமீற்றர், திரும்பிப் போக 20. அவர் தன் வீட்டிலிருந்து கணக்கெடுத்தால் தூரம் 130 ஆகிவிடும். நேரமும் காலை 6.15 முதல் இரவு 7 வரை, அதாவது பதின்மூன்று மணித்தியாலக் கணக்கு. இப்போது நாள் வாடகை: 15,000, மேலதிகத் தூரத்துக்கு 3,000, நேரத்துக்கு 1,500, பட்டா 1,500. மொத்தம் 21,000. அதே வான், அதே கோயில், அதே ஐஸ்கிறீம், 3,500 ரூபா வித்தியாசம். அவர் வரும் எரிபொருளை யாராவது கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதை முதலே சொன்னால், பக்கத்து ஊரில் இன்னொரு வாகனம் பார்க்கலாமா என்று நீங்களே முடிவெடுப்பீர்கள்.

தூரப் பயணம் என்றால் கணக்கு தலைகீழ். திருக்கேதீச்சரம் சங்குப்பிட்டிப் பாலத்தால் ஒரு வழியே நூறு கிலோமீற்றரை ஒட்டி வரும். நாள் வாடகையின் 100 கிலோமீற்றர் கோயில் வாசலோடு முடிந்தது. திரும்பி வருவது முழுவதும் மேலதிகம். இப்படியான ஓட்டத்துக்கு நாள் வாடகையைக் கேட்காமல், போய்வர மொத்தமாக எவ்வளவு என்று பேசுங்கள். அதில் காத்திருப்பு எத்தனை மணித்தியாலம் அடக்கம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பட்டா என்பது சாரதியின் அன்றாடச் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் உள்ள காசு. ஒரு நாள் ஓட்டத்தில் அது பெரிய தொகை அல்ல. குழப்பம் வருவது சாப்பாட்டில். நம் ஆட்கள் சாரதியைப் பசியோடு விடமாட்டார்கள், "தம்பி, வந்து சாப்பிடுங்கோ" என்று இழுத்துக்கொண்டு போவார்கள். அதற்காகப் பட்டாவைக் கழிக்கலாமா? நான் கழிப்பதில்லை. கழிக்க நினைக்கிறவர் காலையிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னேரம் சொன்னால் சோற்றுக்குக் கணக்குப் பார்த்த மாதிரி ஆகிவிடும். வாகனம் ஒருவருடையது, ஓட்டுகிறவர் வேறொருவர் என்றால், பட்டா வாடகைக்குள் அடக்கமா, சாரதியின் கையில் கொடுப்பதா என்று உரிமையாளரிடமே கேட்டுவிடுங்கள். இரண்டு பேருக்கும் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. திருகோணமலை, கொழும்பு என்று இரவு தங்கினால் இரவுப் பட்டாவும், அவர் படுக்க இடமும் தனி.

ஏசியைப் பற்றி ஒரு வார்த்தை. படகில் ஏற முடியாத அம்மம்மாவை வானில் இருத்திவிட்டுப் போகிறோம் என்றால், அந்த வெயிலில் ஏசி இல்லாமல் இருக்க முடியாது. ஏசி ஓட எஞ்சின் ஓட வேண்டும், டீசல் போகும். சாரதி வாய் திறந்து சொல்லமாட்டார், ஆனால் பின்னேரம் அவர் சொல்லும் தொகையில் அது இருக்கும். முதலே "அம்மம்மா வானில்தான் இருப்பா" என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் நிழலில் நிறுத்தி, கதிரை போட்டுக் கொடுக்கக்கூடிய தம்பிகளும் இருக்கிறார்கள்.

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும். வான் தூரத்தில்தான் நிற்கும், உங்களைத் தேடி வந்து ஏற்ற நேரம் பிடிக்கும். 'அரை மணித்தியாலம்' என்று நான் மேலே போட்டது அந்த நாட்களில் செல்லாது. எரிபொருள் விலையும் மாதத்துக்கு மாதம் மாறக்கூடியது. வைகாசியில் தொலைபேசியில் பேசிய விலையை ஆவணியில் பிடித்துக்கொண்டு நிற்காமல், பயணத்துக்கு முதல் கிழமை மறுபடி உறுதிப்படுத்துங்கள்.

பேசியதை வாட்ஸப்பில் ஒரு செய்தியாகப் போட்டுவிடுவது நல்லது. நான் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் தம்பி. வெள்ளிக்கிழமை காலை 7 மணி, கொக்குவில். நல்லூர், குறிகட்டுவான், வேலணை, திரும்ப வீடு. ஏழு பேர், ஏசி வேணும். 10 மணித்தியாலம், 100 கிலோமீற்றர், 15,000. மேலதிக மணித்தியாலம் 500, கிலோமீற்றர் 100. கணக்கு எங்கட வீட்டிலிருந்து வீடு வரைக்கும். பட்டா 1,500 தனி, உங்கட கையில் தாறன். சரி என்றால் ஒரு வார்த்தை போடுங்கோ."

இதற்கும் "பார்த்துத் தாங்கோ அண்ணை" என்று பதில் வரலாம். அப்படி வந்தால், "பார்த்துத்தான் எழுதியிருக்கிறன், சரியோ?" என்று திருப்பிக் கேளுங்கள். காலையில் வானில் ஏறும்போது மீற்றரை ஒரு படம் எடுங்கள், சாரதிக்குத் தெரியும்படியாகவே எடுங்கள். பின்னேரம் இறங்குமுன் இன்னொரு படம். காசை வானுக்குள்ளேயே வைத்து எண்ணிக் கொடுத்துவிடுங்கள், மாமி வாசலுக்கு வருமுன்.