‘இதைக் கேன்சல் பண்ணிவிடு’ என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தால்

போன மாதம் மதுரையிலிருந்து சித்தி வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். உடற்பயிற்சி ஆப் ஒன்றின் சந்தாத் திரை அது. மாதம் ₹299, அடுத்த கட்டணம் 14-ஆம் தேதி என்று இருந்தது. கீழே ஒரே வரி: “இதக் கேன்சல் பண்ணிவிடுப்பா.” அன்று தேதி 11.

ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன், இரண்டு மாலைகள் போயின. என் போனைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு படியாகச் சொன்னேன். “அப்படி ஒண்ணும் இங்க இல்லையே” என்றார் சித்தி. உண்மையிலேயே அவர் திரையில் அது இல்லை. நான் கற்றுக்கொண்டதை அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: பணத்தை எடுப்பது யார்?

ஸ்கிரீன்ஷாட்டில் தெரிவது ஆப்பின் பெயர். பணத்தை எடுப்பது அந்த ஆப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கூகுள் பிளே எடுக்கலாம், ஐபோனில் ஆப்பிள் எடுக்கலாம், அந்த நிறுவனமே கார்டு வழியாகவோ யுபிஐ ஆட்டோபே வழியாகவோ நேரடியாக எடுக்கலாம். யார் எடுக்கிறார்களோ அவர்களிடம்தான் ரத்து செய்ய முடியும். ஆப்பைப் போனிலிருந்து நீக்கினாலும் சந்தா நிற்காது. சித்தி அதை ஏற்கெனவே ஒரு முறை நீக்கிவிட்டு, அடுத்த மாதமும் பணம் போனதைப் பார்த்துத் திரும்ப இன்ஸ்டால் செய்திருந்தார்.

எனவே, வந்த ஸ்கிரீன்ஷாட்டோடு இன்னொன்றும் கேளுங்கள்: பணம் கட்டியதற்கான ரசீது மின்னஞ்சல். அதில் ஆர்டர் எண் GPA. என்று தொடங்கினால் அது கூகுள் பிளே. தேடுவது எளிது. ஜிமெயிலின் தேடல் பெட்டியில் இதைப் போடச் சொல்லுங்கள்:

```
"GPA."
```

மின்னஞ்சல் கிடைக்காவிட்டால் வங்கியின் குறுஞ்செய்தியைப் பாருங்கள். கார்டிலோ யுபிஐயிலோ தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்பது அதில் இருக்கும். ஆப்பின் பெயருக்குப் பதில் கூகுள் என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

இரண்டாவது படி: மெனுவைச் சொல்லாதீர்கள், முகவரியை அனுப்புங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். என் போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது பக்கம் உள்ள படத்தைத் தொட்டால் Payments & subscriptions வரும். அதற்குள் Subscriptions. இதையே சித்தியிடம் சொன்னேன். அவரோ இடது பக்கம் மூன்று கோடு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். அவர் பார்த்துவைத்திருந்த யூடியூப் வீடியோவில் அப்படி இருந்தது. அந்த வீடியோவும் தப்பில்லை. சில வருடங்களுக்கு முன்பு வரை பிளே ஸ்டோர் மெனு அந்த மூன்று கோட்டுக்குள்தான் இருந்தது, பிறகு வலப்பக்கப் படத்துக்கு மாறியது.

ஒரே ஆப் இரண்டு போன்களில் ஏன் வேறுவேறாகத் தெரிகிறது? புதிய பதிப்பு எல்லோருக்கும் ஒரே நாளில் போவதில்லை. ஆண்ட்ராய்டில் ஆப் உருவாக்குபவர் முதலில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மட்டும் கொடுத்து, கோளாறு இல்லை என்றால் கூட்டிக்கொண்டே போகலாம். ஐபோனில் இதற்கு ஏழு நாள் அட்டவணையே உண்டு: முதல் நாள் 1 விழுக்காடு, அப்புறம் 2, 5, 10, 20, 50, கடைசியில் 100. தானாக அப்டேட் ஆகும்படி வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசையில்தான் போய்ச் சேரும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. பதிப்பு எண்ணைச் சரிபார்த்தால் தீர்ந்துவிடும் என்று நானும் நினைத்தேன். ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து App info போனால் அடியில் எண் இருக்கும். இருவரும் பார்த்தோம், உடற்பயிற்சி ஆப்பின் எண் இரண்டு போனிலும் ஒன்றே. ஆனால் Manage plan என்ற பொத்தான் என்னிடம் இருந்தது, அவரிடம் இல்லை. காரணம், பல திரைகளை ஆப்பின் சர்வர் முடிவு செய்கிறது. ஒரே பதிப்புக்குள் இரண்டு வடிவங்களை வைத்து, பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு இன்னொன்றும் காட்டிப் பார்ப்பார்கள். நாடு, மொழி, எந்தத் திட்டம் வாங்கினார் என்பதைப் பொறுத்தும் மாறும். அதனால் ஒருவர் திரையை வைத்து இன்னொருவருக்கு வழி சொல்வது நம்பகமான முறை இல்லை.

நான் இப்போது மெனு சொல்வதையே விட்டுவிட்டேன். இந்த இரண்டு முகவரிகளில் பொருத்தமானதை அனுப்புகிறேன்:

```
https://play.google.com/store/account/subscriptions
https://apps.apple.com/account/subscriptions
```

முதலாவது கூகுள் பிளே, இரண்டாவது ஆப்பிள். தொட்டால் எந்தப் பதிப்பாக இருந்தாலும் சந்தாப் பட்டியலுக்கே நேராகப் போகும்.

மூன்றாவது படி: பட்டியல் காலியாக இருந்தால்

சித்தி தொட்டார், திறந்தது, பட்டியல் காலி. “அப்ப கேன்சல் ஆயிடுச்சா?” என்று கேட்டார். இல்லை. சந்தா போனோடு ஒட்டியதல்ல, வாங்கும்போது இருந்த கூகுள் கணக்கோடு ஒட்டியது. அவர் போனில் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று அவருடையது, இன்னொன்று போன் வாங்கிய கடையில் ஆரம்பித்துக் கொடுத்தது. ₹299 போய்க்கொண்டிருந்தது இரண்டாவதிலிருந்து. பிளே ஸ்டோரில் வலது மேல் படத்தைத் தொட்டு, பெயருக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியில் கணக்கை மாற்றி, மறுபடி முகவரியைத் தொட்டதும் சந்தா தெரிந்தது. ரசீது எந்த மின்னஞ்சலுக்கு வந்தது என்று முதலிலேயே பார்த்திருந்தால் ஒரு மாலை மிச்சமாகியிருக்கும்.

நான்காவது படி: ரத்து

சந்தாவைத் தொட்டு Cancel subscription. உடனே ஏன் ரத்து செய்கிறீர்கள் என்று காரணம் கேட்கும். பலர் காரணத்தைத் தொட்டுவிட்டு முடிந்தது என்று வெளியே வந்துவிடுகிறார்கள். அதன் பிறகு இன்னொரு முறை Cancel subscription என்று உறுதி கேட்கும், அதையும் தொட வேண்டும். சந்தாவுக்குப் பக்கத்தில் Resubscribe என்று வந்திருந்தால்தான் ரத்தாகியிருக்கிறது. அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கட்டிய காலம் முடியும் வரை ஆப் வேலை செய்யும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சித்தி 12-ஆம் தேதி இரவு முடித்தார், 14-ஆம் தேதி பணம் போகவில்லை.

பின்சேர்க்கை 1: GPA ரசீதே இல்லை, யுபிஐயில் போகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வங்கி அறிவிப்பில் கூகுள், ஆப்பிள் பெயர் இல்லை என்றால் நிறுவனம் நேரடியாக எடுக்கிறது. முதலில் அந்த ஆப்பிலோ அதன் இணையதளத்திலோ சந்தாவை ரத்து செய்யுங்கள். இணையதளம்தான் என் விருப்பம், பழைய பதிப்புத் தொல்லை அங்கே குறைவு. அப்புறம் உங்கள் யுபிஐ ஆப்பில் Autopay அல்லது Mandates என்ற பகுதியைத் திறந்து அந்த அனுமதியையும் நீக்குங்கள், யுபிஐ பின் கேட்கும். அனுமதியை மட்டும் நீக்கினால் பணம் போகாது, ஆனால் அவர்கள் கணக்கில் சந்தா பாக்கியாகத் தொங்கலாம்.

பின்சேர்க்கை 2: ஐபோனில் இலவசச் சோதனைக் காலத்தில் இருப்பவர்கள் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். அது முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்துவிட வேண்டும். தேதி நெருக்கத்தில் யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.